உயிலை நிறைவேற்றுபவரின் ஓராண்டு



உயில் எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். எழுதியவர் காலமான பிறகு அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்கும் வங்கிக்கும் கடன்காரர் வீட்டுக்கும் அலைந்து, ஒரு வருஷம் கழித்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய மனிதரைப் பற்றிப் பேசுவோர் அதிகமில்லை. சட்டத்தில் எக்ஸிக்யூட்டர் என்று வழங்கும் அந்த நிறைவேற்றுநரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் பெரும்பாலும் மறைந்தவரின் நண்பராகவோ, நம்பிக்கைக்குரிய உறவினராகவோ இருப்பார். சட்டம் படித்தவராக இருப்பது அபூர்வம். அவர் கெட்ட எண்ணத்தால் தவறுவது குறைவு என்பதும், இரக்கத்தாலும் கூச்சத்தாலும் தவறுவதே அதிகம் என்பதும் நான் வக்கீல் தொழிலில் கண்டவை. கொடுக்க வேண்டியவருக்கு முந்திக் கொடுத்துவிடுவதும், கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் விட்டுவிடுவதும்தான் அவர் சிக்கிக்கொள்ளும் இரண்டு இடங்கள்.

நம் நாட்டில் இந்த விஷயத்தை ஆளுவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். 1865-ஆம் ஆண்டின் பழைய வாரிசுரிமைச் சட்டம், 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம், 1881-ஆம் ஆண்டின் புரொபேட் மற்றும் நிர்வாகச் சட்டம் ஆகியவற்றில் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்று சேர்த்து அமைத்த சட்டம் அது. உயிலை மெய்ப்பிக்கும் புரொபேட் எப்போது அவசியம், எப்போது அவசியமில்லை என்ற விவாதத்துக்குள் நான் இன்று போகப் போவதில்லை. அது தனியே ஒரு மாலைப் பொழுதைக் கேட்கும். புரொபேட்டுக்கு விண்ணப்பித்து அதைப் பெற்ற நிறைவேற்றுநர் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே என் பொருள்.

பல குடும்பங்களில் கண்டவற்றைக் கலந்து நானே அமைத்துக்கொண்ட ஒரு குடும்பத்தை முன்வைக்கிறேன். மயிலாப்பூரில் குடியிருந்த ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். அவருடைய உயில் இரண்டு பக்கம். வீடு மகளுக்கு, மனைவியின் காசுமாலை மகள் வயிற்றுப் பேத்திக்கு, தம்பி மகனின் படிப்புக்கு 8 லட்சம் ரூபாய், தாம் படித்த ஊர்ப் பள்ளியின் நூலகத்துக்கு 5 லட்சம், நிறைவேற்றுநராக நியமித்த நண்பருக்கு, அவர் படப்போகும் சிரமத்தை உத்தேசித்து, 2 லட்சம், எஞ்சியது யாவும் மகனுக்கு. எழுதிய காலத்தில் வங்கியில் 40 லட்சத்துக்கு மேல் இருந்தது. ஆகவே மகனுக்குத்தான் பெரும் பங்கு என்று அவர் எண்ணியிருந்தார். அதன்பின் இரண்டு வருஷம் நோயில் கிடந்தார். தை மாதத்தில் காலமானார். நண்பர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. கணக்கில் நேர்மையும், மனிதரிடத்தில் கூச்சமும் உள்ளவர்.

அந்த நண்பர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பொறுப்பை ஏற்பதா இல்லையா என்பது. உயிலில் பெயர் எழுதப்பட்ட காரணத்தாலேயே ஒருவர் கட்டுண்டுவிடுவதில்லை. எழுத்து மூலமாகவோ நீதிபதி முன்னிலையில் வாய்மொழியாகவோ அவர் விலகிக்கொள்ளலாம். விலகிய பின் திரும்பி வர இயலாது. ஆனால் நிறைவேற்றுநருக்கென்று உயிலில் ஒரு தொகை விடப்பட்டிருந்தால், உயிலை மெய்ப்பித்தோ வேறு விதமாகவோ தாம் அந்தப் பொறுப்பில் நடந்துகொள்ளும் எண்ணத்தைக் காட்டினாலன்றி, அவர் அதைப் பெற முடியாது. நம் நண்பருக்கு 2 லட்சம் வேண்டுமானால் வேலையையும் ஏற்க வேண்டும். அவர் ஏற்றார்.

மரணத்துக்கும் புரொபேட்டுக்கும் இடையே பல மாதங்கள் கழிவது சாதாரணம். இறந்து ஏழு முழு நாட்கள் கழியும் முன் கோர்ட் புரொபேட் வழங்காது. ஆட்சேபணை இல்லாவிட்டாலும் நடைமுறையில் மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் நிறைவேற்றுநர் கைகட்டி நிற்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழையான அபிப்பிராயம். அவருடைய உரிமை கோர்ட்டிலிருந்து பிறப்பதன்று, உயிலிலிருந்தே பிறப்பது. மறைந்தவரின் சொத்து முழுவதும் மரணத்தன்றே அவரிடம் வந்து சேர்ந்ததாகச் சட்டம் கருதுகிறது. பின்னர் வரும் புரொபேட், இடையில் அவர் செய்த நியாயமான செயல்களுக்கும் வலிமை தருகிறது. ஆனால் அவரிடம் வந்து சேர்வது அதிகாரமும் பாரமுமே, அனுபோகம் அன்று. அந்தச் சொத்தில் எதையாவது அவரே விலைக்கு வாங்கினால்கூட, அதில் சம்பந்தமுள்ள எவரும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம்.

இதற்கிடையில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைந்தவரின் ஏ.டி.எம். அட்டை மகனிடம் இருக்கிறது. ரகசிய எண்ணும் தெரியும். சமையற்காரர், பூக்காரர், சாமியானாக்காரர் எல்லோரும் பணத்துக்கு நிற்கிறார்கள். இரண்டு நாளில் ஒரு லட்சம் எடுத்துவிடுகிறான். மகன் திருடவில்லை, தகப்பனார் காரியத்துக்குத்தான் செலவழித்தான். ஆயினும் இறந்தவர் கொடுத்த அனுமதியும் அதிகாரப் பத்திரமும் அவர் மூச்சோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் அந்தக் கணக்கைத் தொடும் உரிமை நிறைவேற்றுநருக்கே உண்டு. நம் நண்பர் வங்கிக்கு இறப்புச் சான்றைக் கொடுத்து அட்டையை நிறுத்தினார். மகன் எடுத்ததை ரசீதுகளோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மகனுக்கு வருத்தம். அந்த நோட்டு பிறகு அவனையே காப்பாற்றியது. எடுத்த தொகை முதல் நாட்களின் காரியச் செலவில் வரவு வைக்கப்பட்டது; பின்னே நான் சொல்லும் கணக்கில் அது சேராது.

இனிப் பட்டியல். புரொபேட் வழங்கப்பட்ட ஆறு மாதத்துக்குள், அல்லது கோர்ட் நீட்டிக்கொடுத்த காலத்துக்குள், நிறைவேற்றுநர் சொத்துகளின் முழுமையான, உண்மையான மதிப்பீட்டையும், வர வேண்டிய கடன்களையும், கொடுக்க வேண்டிய கடன்களையும் காட்டும் ஒரு பட்டியலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும்; ஓராண்டுக்குள், கைக்கு வந்தது எவ்வளவு, அது எவ்வாறு செலவாயிற்று என்ற கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் கேட்டும் வேண்டுமென்றே செய்யாமல் விடுவதும், பொய்யாகச் செய்வதும் குற்றம். இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர் உண்டு. பட்டியல் இல்லாத சொத்தில் எவருக்கும் எவ்வளவு என்று சொல்லவே முடியாது என்பதுதான் காரணம்.

பீரோவில் கிடைக்கும் காகிதம் போதாது. பேராசிரியரின் பாஸ்புத்தகத்தில் மூன்று ஆண்டுகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, ஆண்டுக்கொருமுறை இரண்டு கம்பெனிகளிடமிருந்து சிறு தொகைகள் வரவாகியிருந்தன. பங்குகள் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். என்ற ஆண்டு அறிக்கையில், வட்டியில் வரி பிடித்த வங்கிகளின் பெயர்கள் இருக்கும். குடும்பத்தாருக்குத் தெரியாத டெபாசிட் அங்கே வெளிப்படும். வீட்டுக்குப் பத்திரமும் பட்டாவும் பார்த்தால் மட்டும் போதாது. வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்க்க வேண்டும். லாக்கரை வங்கி அதிகாரி முன்னிலையில், சாட்சிகளோடு திறந்து, உள்ளதை வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். காசுமாலை அங்கே இல்லை. வேறொரு வங்கியில் 2 லட்சம் நகைக்கடனுக்கு ஈடாக இருந்தது.

பட்டியல் தயாராகும்போது எழும் பெரிய தகராறு நாமினியைப் பற்றியது. 18 லட்சம் டெபாசிட்டுக்கு நாமினியாக மகன் பெயர் இருந்தது. வங்கி அவனிடம் பணத்தைக் கொடுத்தது. அவ்வாறு கொடுப்பதால் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. மகனோ, "மாமா, அப்பா என் பேரைத்தானே போட்டிருக்கார், இது எப்படி லிஸ்டுல வரும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். ஆயுள் காப்பீட்டைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட் 1983-இல் சர்பதி தேவி வழக்கில் இவ்வாறு தீர்ப்பளித்தது. பங்குகளைப் பற்றி 2023-இல் சக்தி யெஸ்தானி வழக்கிலும் இதே நிலையை எடுத்தது. காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நிலைமை மாறியிருக்கிறது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரில் ஒருவரை நாமினியாக நியமித்திருந்தால், அந்தப் பணம் சாதாரணமாக அவருக்கே உரியது. ஆகவே மகன் நாமினியாக இருந்த சிறு காப்பீட்டுத் தொகை அவனுடையதாயிற்று, பட்டியலில் வரவில்லை. டெபாசிட் பணத்தை மட்டும், சில மாத மனஸ்தாபத்துக்குப் பிறகு, அவன் நிறைவேற்றுநரிடம் ஒப்படைத்தான். அவர் அதைத் தம் சொந்தக் கணக்கில் போடவில்லை. மறைந்தவரின் ஆஸ்திக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி அதில் செலுத்தினார். இந்தத் தனிக் கணக்கைத் தொடங்காத நிறைவேற்றுநர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். எவ்வளவு யோக்கியராயினும், கடைசியில் தம் பணம் எது, பிறர் பணம் எது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல இயலவில்லை.

அடுத்தது, வர வேண்டியதை வாங்குவது. நான் முன்னே சொன்ன கூச்சம் இங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. பீரோவில் 3 லட்சத்துக்கு ஒரு புரோநோட்டு இருந்தது. கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய நோட்டு. தேதியைப் பார்த்தால், வரும் பங்குனியில் மூன்று ஆண்டு முடிகிறது. இப்படிப்பட்ட நோட்டுக்கு, பணத்தைக் கேட்ட நாளிலிருந்து காலம் எண்ணப்படுவதில்லை. நோட்டின் தேதியிலிருந்தே மூன்று ஆண்டு. ஓடத் தொடங்கிய காலம் கடன் கொடுத்தவர் இறந்தாலும் நிற்பதில்லை. கடன் வாங்கியவர் பேராசிரியரின் பழைய நண்பர். இழவு வீட்டுக்கு வந்து அழுதவர். "கருமாதி முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம்" என்று அவரே சொன்னவர். நம் நிறைவேற்றுநருக்கு அவரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. மாசி கடந்தது.

இப்படி விடும் நிறைவேற்றுநரைச் சட்டம் மன்னிப்பதில்லை. வசூலிக்கக்கூடிய கடனைக் கேளாமல் காலாவதியாக விட்டால், அந்த இழப்பை அவர் தம் கையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. அதற்காக அவர் நண்பரின் வாசலில் தண்டோரா போட வேண்டுமென்பதில்லை. செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, காலம் முடியும் முன் கடனாளி கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொள்வது. இரண்டாவது, வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதியைச் செலுத்தி, அதைத் தம் கையெழுத்தாலோ கையொப்பத்தாலோ குறிப்பது. பெரும்பாலும் நோட்டின் பின்புறத்திலேயே எழுதுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு பிறக்கும். இரண்டும் கிடைக்காவிட்டால் வழக்குத் தொடுப்பது மூன்றாவது வழி. புரொபேட் வருவதற்கு முன்னரே வழக்குத் தொடுக்கலாம். தீர்ப்பு வாங்கத்தான் புரொபேட்டைக் காட்ட வேண்டும். இதை அறியாமல், புரொபேட் வரட்டும் என்று காத்திருந்து காலாவதியான நோட்டுகள் பல. நம் நண்பர், வக்கீலின் வற்புறுத்தலின் பேரில், கடைசி வாரத்தில் அந்தக் கடனாளியின் வீட்டுக்குப் போய், "உங்களைச் சந்தேகப்பட்டு வரவில்லை, கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது" என்றார். கடனாளி ஆயிரம் ரூபாய் வட்டியில் வரவு வைத்து, நோட்டின் பின்னால் தம் கையால் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டார். ஆனி மாதத்தில் முழுத் தொகையும் வந்தது. வட்டி சொற்பம். எளிமைக்காக அதை என் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, பணமாகக் கைக்கு வந்தது: டெபாசிட் 18 லட்சம், விற்ற பங்குகள் 5 லட்சம், நோட்டு 3 லட்சம், மொத்தம் 26 லட்சம். வீடும் காசுமாலையும் தனி. வீட்டின் மாடிப் பகுதியிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வாடகை வந்துகொண்டிருந்தது. அதையும் 26 லட்சத்தில் சேர்க்கக் கூடாது; ஒரு குறிப்பிட்ட பொருளைப் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தால், மரண நாள் தொட்டு அதிலிருந்து வரும் நிகர வருமானமும் அந்தக் கொடையைப் பெறுபவரையே சேரும். ஆகவே சொத்து வரி போக வாடகை முழுவதும் மகளின் பெயரில் ஒதுக்கப்பட்டது.

இனிக் கொடுக்கும் வரிசை. சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. முதலில், மறைந்தவரின் அந்தஸ்துக்கேற்ற நியாயமான ஈமச் செலவும், வைத்தியர் கட்டணம் உட்பட மரணப் படுக்கையின் செலவும், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்து உணவு, தங்கும் இடம் ஆகியவற்றுக்கான செலவும். அடுத்து, புரொபேட் பெறவும் ஆஸ்தியை நிர்வகிக்கவும் ஆன கோர்ட் செலவு. மூன்றாவதாக, வேலைக்காரர், தொழிலாளி, கைவினைஞர் ஆகியோருக்கு மரணத்துக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் செய்த வேலைக்கான கூலிப் பாக்கி. அதன் பிறகே மற்றக் கடன்கள். சமையற்காரியின் பாக்கி வங்கியின் கடனுக்கு முன்னே நிற்கிறது என்பது இந்தச் சட்டத்தில் என் மனத்துக்கு மிகவும் உகந்த இடம்.

மகன் பதினாறாம் நாள் காரியத்தைப் பெரிதாகச் செய்தான், முந்நூறு பேருக்கு விருந்து, செலவு 1,60,000. நிறைவேற்றுநர் ஆஸ்தியிலிருந்து ஏற்றது ஒரு லட்சம். மிகுதியை மகன் தன் பிரியத்தின்பேரில் செய்ததாகக் கொள்ள வேண்டுமென்றார். இது நிர்த்தாட்சண்யம் என்று உறவினர் பேசினார்கள். ஆஸ்தியில் கை வைக்கும் ஒவ்வொரு ரூபாயும் தம்பி மகனின் படிப்பிலிருந்தும் பள்ளி நூலகத்திலிருந்தும் எடுப்பது என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொடுபட வேண்டியது 3,50,000. புரொபேட் செலவு ஒரு லட்சம். சமையற்காரிக்கும் பகல் நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கும் சேர்த்து 50,000. இவை ஆறு லட்சம். மீதம் 20 லட்சம்.

கடன்களில், நகைக்கடன் நீங்கலாக, அப்போது தெரிந்தவை இரண்டு: கூட்டுறவு வங்கியில் 4 லட்சம், வருமான வரி ஒரு லட்சம். வரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இறந்தவரின் கடைசி வருமானக் கணக்கையும், அதன்பின் ஆஸ்தியில் விளையும் வருமானத்தின் கணக்கையும் நிறைவேற்றுநரே தாக்கல் செய்ய வேண்டும். வரி நிலுவையில் இருக்கும்போது சொத்தைப் பங்கிட்டுவிட்டால், பங்கிட்ட அளவுக்கு அவரே பதில் சொல்ல நேரும். மரணத்தின் பேரிலேயே விதிக்கப்பட்ட எஸ்டேட் டியூட்டி, 1953 முதல் 1985 வரை நடப்பில் இருந்த வரி, இப்போது இல்லை. என் சீனியர்கள் காலத்து நிறைவேற்றுநருக்கு அது பெரிய தலைவலி.

ஐந்து லட்சத்தைக் கொடுத்தால் மீதம் 15 லட்சம். தம்பி மகனுக்கு 8, பள்ளிக்கு 5, நிறைவேற்றுநருக்கு 2, கூட்டினால் 15. அப்படியே பொருந்துகிறது! மகனுக்கு எஞ்சியது பூஜ்யம் என்ற துக்கம் ஒருபுறம் இருக்க, மற்றவர்களுக்கு முழுத் தொகையும் கிடைத்துவிடும். தம்பி மகனோ, ஆடி மாதத்தில் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று வந்து நிற்கிறான். எட்டு லட்சத்தில் எட்டையும் கொடுத்தனுப்பினால் என்ன? இரக்கம் கேட்கும் கேள்வி இது.

கொடுக்கக் கூடாது என்பதே விடை. எவ்வகைக் கடனும் கொடைக்கு முந்தியது. தெரிந்த கடனெல்லாம் தீர்ந்தது என்பதால் கடனெல்லாம் தீர்ந்துவிட்டதாகாது. மரணத்திலிருந்து ஓராண்டு கழியும் வரை எந்தக் கொடையையும் கொடுக்க நிறைவேற்றுநர் கட்டுப்பட்டவரல்லர். சட்டம் அந்த ஓராண்டை அவருக்குத் தந்திருப்பது இதற்காகத்தான். தாமே விரும்பி முந்திக் கொடுத்துவிட்டு, பிறகு மற்றக் கொடைகளுக்குப் பணம் போதவில்லையென்றால், வாங்கியவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் அவருக்குக் கிடையாது. கோர்ட் உத்தரவின் பேரில் கொடுத்திருந்தால்தான் உண்டு. நம் நண்பர் தம் சொந்தப் பணத்திலிருந்து முதல் தவணைக்கு மட்டும் கைமாற்றுக் கொடுத்து, அதைத் தம் சொந்த விஷயமாகவே எழுதி வாங்கினார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதே ஆடியில், கடன்காரர்கள் தங்கள் கோரிக்கைகளைக் குறிப்பிட்ட தேதிக்குள் தெரிவிக்கும்படி தினசரிகளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஹைகோர்ட் விதிகளுக்கிணங்க இவ்வாறு அறிவித்து, கெடு முடிந்தபின் பங்கிட்டால், அப்போது தமக்குத் தெரியாத கடனுக்காக நிறைவேற்றுநர் பொறுப்பாகமாட்டார். பின்னால் வரும் கடன்காரர், பங்கு பெற்றவர்களைத்தான் தொடர வேண்டும். சில ஆயிரம் ரூபாய் விளம்பரச் செலவு என்று இதைத் தவிர்ப்பவர்கள், லட்சக்கணக்கில் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். கெடு முடிய நாலு நாள் இருக்கையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் வந்தார். பேராசிரியர் ஆறு வருஷத்துக்கு முன் தம் பழைய மாணவர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மாணவர் தலைமறைவு, நிலுவை 3 லட்சம். ஜாமீன்தாரர் இறந்தது, முன்பே வாங்கிய கடனுக்கான அவருடைய பொறுப்பை அழிக்காது. குடும்பத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. காகிதங்களைச் சரிபார்த்து, கடன் காலாவதியாகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின் அதையும் கொடுத்தார். மீதம் 12 லட்சம்.

இனிப் பங்கீடு. பதினைந்து லட்சம் கொடுக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டே இருக்கிறது. இங்கே தம்பி மகனின் படிப்பு முக்கியம், நூலகம் காத்திருக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் நிறைவேற்றுநருக்கு இல்லை. தம் 2 லட்சத்தை முதலில் பிடித்துக்கொள்ளும் அதிகாரமும் இல்லை. தொகையாகச் சொன்ன பொதுக் கொடைகள் யாவும் ஒரே விகிதத்தில் குறையும். ரூபாய்க்கு எண்பது காசு: தம்பி மகனுக்கு 6,40,000, பள்ளிக்கு 4,00,000, நிறைவேற்றுநருக்கு 1,60,000. அந்தப் புரோநோட்டைக் காலாவதியாக விட்டிருந்தால் ஒன்பது லட்சம்தான் இருந்திருக்கும். ரூபாய்க்கு அறுபது காசு. ஆடியில் எட்டு லட்சத்தை முழுதாகக் கொடுத்திருந்தால், ஜாமீன் கடனும் தீர்ந்தபின் கையில் நான்கே லட்சம் நிற்கும். பள்ளிக்குச் சேர வேண்டிய நான்கு லட்சத்தைக் கொடுக்க, அவர் தமது பங்கு முழுவதையும் இழக்க நேர்ந்திருக்கும்.

வீடும் மாலையும் இந்தக் குறைப்பில் சேரவில்லை. பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பொருள், கடன் தீர்க்கப் பணம் போதுமானதாயிருக்கும் வரையில், பொதுக் கொடைகளோடு சேர்ந்து குறையாது. ஆனால் காசுமாலை ஈட்டில் இருக்கிறது. உயிலில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஈட்டில் உள்ள பொருளைப் பெறுபவர் அந்தப் பாரத்தோடேயே பெற வேண்டும். ஆஸ்தியின் பொதுப் பணத்திலிருந்து மீட்டுத் தர வேண்டியதில்லை. பேத்தி 2 லட்சத்தையும் வட்டியையும் கட்டித்தான் பாட்டியின் மாலையை வாங்கினாள். "தாத்தா கொடுத்ததை நான் விலைக்கு வாங்கணுமா?" என்று அவள் கேட்டதற்கு நிறைவேற்றுநரிடம் பதில் இல்லை. ஈட்டை ஆஸ்தியின் பணத்திலிருந்தே மீட்டுத் தர வேண்டும் என்ற ஒரு வரியை உயில் எழுதுகிறவர்கள் சேர்த்தால், இந்தக் கேள்வி எழாது.

வீட்டுக்கு மகளின் பெயர் உயிலில் இருந்தாலும், நிறைவேற்றுநரின் இசைவு இல்லாமல் அவளுடைய உரிமை பூர்த்தியாவதில்லை. அந்த இசைவு வாய்மொழியாகவோ நடத்தையாலோ கூட இருக்கலாம். ஆனால் பட்டா மாற்றும் அலுவலகத்துக்கு நடத்தையைக் கொண்டுபோய்க் காட்ட முடியாது. ஆகவே நம் நண்பர், கடன்கள் தீர்ந்ததையும் வீட்டை மகளிடம் ஒப்படைப்பதையும் குறிப்பிட்டு ஓர் இசைவுக் கடிதம் எழுதி, புரொபேட் நகலோடும், ஒதுக்கி வைத்த வாடகையோடும் கொடுத்தார். இசைவு ஒரு தரம் தரப்பட்டால், அது மரண நாளிலிருந்தே பலன் தரும். ஒவ்வொருவரிடமும் ரசீது வாங்கினார். கணக்கைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்.

ஒரு வருஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணியிருந்த வேளையில், ரிசர்வ் வங்கி 2023-இல் ஏற்படுத்திய உத்கம் என்ற இணையதளத்தில் கேட்பாரற்ற டெபாசிட்டுகளைத் தேடியபோது, பேராசிரியர் முன்பு வேலை பார்த்த ஊரின் வங்கியொன்றில் 1,50,000 ரூபாய் கிடந்தது. மகன் ஓடிவந்தான்: எஞ்சியது தன்னுடையதுதானே? கணக்கு மூடப்பட்டதால் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பின்னால் கிடைப்பதும் அதே வரிசையில்தான் போக வேண்டும். குறைத்துக் கொடுத்த கொடைகளுக்கு இன்னும் 3 லட்சம் கொடுபடாமல் இருக்கிறது. அவை நிறையும் வரை எஞ்சியது என்று ஒன்று இல்லை. "தம்பி, இதுல உனக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லி, நிறைவேற்றுநர் அந்தத் தொகையை, தம்பி மகனுக்கு 80,000, பள்ளிக்கு 50,000, தமக்கு 20,000 என்று பிரித்து, துணைக் கணக்கு ஒன்றையும் தாக்கல் செய்தார்.